ஆர் வேண்டினது? – ஒரு லத்தீன் மன்றாட்டும் ஒரு தமிழ் வினையும்

ஜனவரியில் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, கத்தோலிக்கத் திருவழிபாட்டில் பொதுக்காலத்தின் முதலாம் வாரம் தொடங்குகிறது. அந்த வாரத்துக்கு ஞாயிறு இல்லை. அந்த ஞாயிறைத் திருமுழுக்கு விழா எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆகவே அந்த வாரத்துக்குரிய தொடக்க மன்றாட்டு கிழமை நாட்களில் மட்டுமே சொல்லப்படும். இங்கே ஜனவரி நடுப்பகுதியில், பனி கொட்டும் ஒரு கிழமை நாள் மாலையில், தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தேவையில்லை. பதினைந்து பேர் வந்தால் கூட்டம்.

அந்தப் பதினைந்து பேருக்காக ஒரு சிறு கையேடு தயாரிக்கும் வேலையில் மூன்று பேர் அமர்ந்தோம். ஊரில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா, பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் லத்தீன் படித்த இங்கு பிறந்த தம்பி ஒருவர், நான். லத்தீன் மூலத்தில் முப்பது சொற்கள்கூட இல்லாத ஒற்றை வாக்கியம் அந்த மன்றாட்டு. அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினோம். நான்கு மாலைகள் போயின. அந்த நான்கு மாலைகளும் பெரும்பாலும் இரண்டு சொற்களில் போயின: 'அஜெந்தா சுந்த்'.

மன்றாட்டின் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்றாடுகின்ற மக்களின் விண்ணப்பங்களோடு விண்ணகப் பரிவு கூட வரவேண்டும் என்று கேட்கிறது அது. எதற்காக? இரண்டு காரியங்களுக்காக. செய்ய வேண்டியவற்றை அவர்கள் காண்பதற்காக. கண்டவற்றை நிறைவேற்றும் வலுவை அவர்கள் பெறுவதற்காக. அவ்வளவுதான். பழைய உரோமைப் பூசைப் புத்தகத்தில் இது திருக்காட்சிக்குப் பின்வரும் ஞாயிறுக்கு உரியதாக இருந்தது. 1549இல் கிரான்மர் ஆங்கிலத் திருச்சபைக்காகப் பொது வழிபாட்டு நூலைத் தொகுத்தபோது இதை மொழிபெயர்த்து அதே ஞாயிறில் வைத்தார். ஆகவே அங்கிலிக்கன் மரபில் வளர்ந்த வாசகர்களுக்கும் இது புதிதல்ல.

லத்தீனில் ஜெரண்டிவ் என்று ஒரு வடிவம் உண்டு. வினையிலிருந்து பிறக்கும் பெயரடை அது. 'அந்துஸ்', 'எந்துஸ்' என்று முடியும். செய்தல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து 'அஜெந்துஸ்'. அதன் அஃறிணைப் பன்மை 'அஜெந்தா'. அதனோடு 'இருக்கின்றன' என்னும் பொருள்தரும் 'சுந்த்' சேர்ந்தால் கடப்பாடு வந்துவிடுகிறது: செய்யப்படுவதற்கு உரியனவாக, செய்தே ஆகவேண்டியனவாக இருக்கின்றன. இந்த வடிவம் நமக்கு அந்நியமானதல்ல. கூட்டங்களுக்கு முன்னர் மின்னஞ்சலில் வருகிற அஜெண்டா இதே சொல். நம் பிள்ளைகளுடைய வகுப்பில் இருக்கும் அமாண்டாவின் பெயர் 'அன்பு செய்யப்பட வேண்டியவள்'. ஊர்ப் பத்திரிகைகளில் பாதிரியார் பெயருக்கு முன்னால் 'வண.' என்று போடுவார்களே, 'வணக்கத்துக்குரிய' என்பதன் சுருக்கம், அதுவும் ரெவரெண்ட் என்னும் ஜெரண்டிவின் தமிழாக்கம்தான். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பொருள் தகுதி: வணங்கத் தக்கவர். நமது மன்றாட்டில் பொருள் கடப்பாடு. ஒரே வடிவம் இரண்டு நிறத்திலும் வரும் என்பதால், 'உரிய' என்ற எளிய சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. 'செய்தற்குரியவை' என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம் என்று காதில் விழுகிறது.

இந்த வடிவத்தில் இன்னொரு குணம் உண்டு. யார் செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. சொல்ல விரும்பினால் லத்தீன் செய்பவரை நான்காம் வேற்றுமையில் வைக்கும்: 'நமக்கு' அவை செய்யப்பட வேண்டியன. இந்த மன்றாட்டு அதை வைக்கவில்லை. யார் கட்டளையிட்டார், எதனால் கட்டாயம் வந்தது என்பதையும் சொல்லவில்லை. கடமைப்பட்டிருக்கிறோம் என்று சொல்ல லத்தீனில் தனி வினை உண்டு. அதில் கடன் என்ற பொருள் உள்ளே இருக்கிறது. பொருத்தமானது, தகும் என்று சொல்ல வேறொரு வினை உண்டு. இரண்டும் இங்கே இல்லை. கட்டாயம் பொருளின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, மழைக்கு முன் முற்றத்தில் காயும் நெல்லைப் போல. அதை எடுக்க வேண்டும். யார் சொன்னது என்று எவரும் கேட்பதில்லை.

நான் முதல் நாளே 'செய்ய வேண்டியவை' என்று எழுதிவிட்டேன். வேறு என்ன எழுதுவது? தம்பிதான் முதலில் நெளிந்தார். ஜெரண்டிவ் செயப்பாட்டு வடிவம் என்று அவருக்குப் படிப்பித்திருக்கிறார்கள். ஆகவே 'செய்யப்பட வேண்டியவை' என்றிருக்க வேண்டாமா என்றார். இதற்குப் பதில் சுலபம். தமிழ்ப் பெயரெச்சம் தனக்குப் பின்வரும் பெயர் செய்வதா, செய்யப்படுவதா என்று குறிக்கத் தேவையில்லாத ஒன்று. 'செய்ய வேண்டிய வேலை' என்றால் வேலை எதையும் செய்யப்போவதில்லை, அது செய்யப்படுவது. 'படு' இல்லாமலேயே செயப்பாட்டுப் பொருள் அங்கே இருக்கிறது. ஆங்கிலத்துக்குத்தான் இந்த இடத்தில் தனிச் செயப்பாட்டு வடிவம் வேண்டியிருக்கிறது. செய்பவரைச் சொல்லாமல் விடும் வசதியில் தமிழ் லத்தீனுக்கு ஆங்கிலத்தைவிட நெருக்கமாகவே நிற்கிறது. தம்பிக்கு இது பிடித்துப்போய்விட்டது.

அக்காவின் ஆட்சேபம் அப்படிச் சுலபமாகத் தீரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, செய்ய வேண்டியது எண்டால், ஆர் வேண்டினது?"

நான் சிரித்தேன். எங்கள் பேச்சில் கடையில் வாங்குவதற்கும் 'வேண்டுறது' என்றுதான் சொல்லுவோம். ஆனால் அவர் பகிடி விடவில்லை. வேண்டு என்ற வினைக்கு விரும்பு என்பது பழைய பொருள். இரந்து கேள், மன்றாடு என்பது இன்னொரு பொருள். நேர்த்தி வைப்பதை வேண்டுதல் என்கிறோம். தேவைப்படு என்பது வேறொன்று. கடப்பாடு இவற்றிலிருந்து கிளைத்தது. ஆக, தமிழில் 'வேண்டும்' என்று சொல்லும்போது எங்கோ பின்னால் ஒருவர் விரும்பிக்கொண்டிருக்கிறார். லத்தீன் வடிவத்துக்குப் பின்னால் அப்படி ஒருவர் இல்லை. அத்தோடு இது ஒரு மன்றாட்டு. இதன் நடுவே 'வேண்டுகிறோம்' என்று பொருள்படும் ஒரு சொல்லும் இருக்கிறது. இரண்டையும் அப்படியே போட்டால், 'செய்ய வேண்டியவற்றைக் காணவேண்டும் என்று வேண்டுகிறோம்' என்று வந்து நிற்கும். ஒரே வாக்கியத்தில் கடமை, ஆசை, இரப்பு மூன்றும் ஒரே வினையில். கேட்பவர் காதில் மூன்றும் கலந்து மங்கிப்போகும்.

அக்கா கொண்டுவந்த மாற்று திருக்குறளிலிருந்து. நாற்பதாம் குறளில் வருகிற 'செயற்பாலது' என்ற சொல். செயல் என்பதோடு பாலது என்னும் அஃறிணை வடிவம் சேர்ந்து, செய்யும் பகுதியைச் சேர்ந்தது, செய்யப்பட வேண்டியது என்றாகிறது. அதே குறளில் விலக்க வேண்டியதற்கும் அதே அச்சில் 'உயற்பாலது'. வடிவத்தைப் பார்த்தால் ஜெரண்டிவுக்கு இதைவிட நெருங்கிய உறவு தமிழில் எனக்குத் தெரியாது: வினையிலிருந்து வருவது, அஃறிணை, செய்பவரின் பெயர் உள்ளே இல்லை, விரும்புகிறவரும் இல்லை. இன்னும் ஒன்றை அக்கா காட்டினார். வள்ளுவர் செய்பவரைச் சொல்ல வரும்போது 'ஒருவற்கு' என்கிறார், நான்காம் வேற்றுமை. லத்தீன் எப்படிச் சொல்லியிருக்குமோ அப்படியே. தம்பி அந்த இடத்தில் தன் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

எதிர்மறையில் சோதித்தபோது அக்காவின் கை இன்னும் ஓங்கியது. லத்தீன் ஜெரண்டிவை மறுத்தால் தடை பிறக்கும்: செய்யக் கூடாது. தமிழில் 'செய்ய வேண்டியதில்லை' என்றால் தடை இல்லை, விடுதலை: செய்யாமல் விட்டாலும் பரவாயில்லை. ஆகவே 'வேண்டும்' என்பதன் உள்ளே இருப்பது தேவை. தேவை நீங்கினால் கட்டும் அவிழ்ந்துவிடுகிறது. 'தக்க' என்பதை மறுத்துப் பாருங்கள்: செய்யத் தகாதது. அது தடைதான். குறள் 466இல் 'செய்தக்க' என்று வருவது இந்த வலுவோடுதான். அதைச் செய்யாமல் விட்டாலும் கெடுதி என்கிறார் வள்ளுவர். அங்கே தகுதியும் கடப்பாடும் இன்னும் பிரியவில்லை. இன்றைய தமிழில் பிரிந்துவிட்டன. 'பார்க்கத் தக்க படம்' என்று எழுதினால் எவரும் பார்த்தே ஆகவேண்டும் என்று ஓடப்போவதில்லை.

இதில்தான் நான் அக்காவோடு உடன்படவில்லை. 'செயற்பாலன' என்று ஓர் ஆலயத்தில் வாசித்தால் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? மன்றாட்டு கண்ணால் படிக்கப்படுவதல்ல. ஒரு தடவை மட்டும் காதில் விழுந்து, 'ஆமென்' சொல்வதற்குள் புரிந்துவிட வேண்டியது. நின்று யோசிக்க நேரம் கிடையாது. பழைய வேதாகமத் தமிழில் இருந்து 'செய்யக் கடவன' என்று எடுக்கலாமா என்றும் பார்த்தோம். கடன், கடமை என்பவற்றோடு உறவுள்ள சொல், வலுவும் இருக்கிறது. ஆனால் அந்தத் தமிழே 'உண்டாகக்கடவது' போன்ற வடிவங்களால் அந்தச் சொல்லை வாழ்த்துக்கும் ஆணைக்கும் பழக்கப்படுத்திவிட்டது. மன்றாட்டுக்குள் 'கடவ' வந்தால் கேட்பவர் அதை இன்னொரு வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்வார். எந்த இடத்தில் கேட்கவில்லையோ அந்த இடத்திலும் கேட்பதாக ஆகிவிடும்.

என்னை 'செய்ய வேண்டியவை' பக்கம் திருப்பியது இலக்கணம் அல்ல, தொலைபேசி. இருபத்தைந்து வருடமாக ஊரிலிருந்து வருகிற அழைப்புகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "செய்ய வேண்டியதைச் செய்யுங்கோ." தங்கைக்குக் கலியாணம், மாமாவின் அந்தியேட்டி, கூரை ஒழுகுகிற வீடு. யார் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. இவ்வளவு என்றும் சொல்வதில்லை. சொல்பவர் விரும்புகிறார் என்றுகூட அதற்குப் பொருளில்லை. பல வேளைகளில் அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கும். காரியம் அங்கே கிடக்கிறது, அதைச் செய்தாக வேண்டும், கேட்பவர் தானாகக் கண்டுகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று 'செய்ய வேண்டியதெல்லாம் செய்தாச்சு' என்று சொல்லும்போதும் அப்படித்தான்: அதில் எவருமே எழுவாய் இல்லை. அக்காவின் சொற்பிறப்பு சரிதான். ஆனால் வழக்கு, இந்த ஒரு தொடரில் மட்டும், வேண்டுகிற ஆளை உள்ளேயிருந்து அகற்றிவிட்டது. ஜெரண்டிவ் செய்கிற வேலையை நம்முடைய பேச்சு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

மிஞ்சியது மூன்று 'வேண்டு'களின் மோதல். அதற்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றினால் போதும். கடப்பாட்டுக்கு மட்டும் 'வேண்டிய', இரப்புக்கு 'மன்றாடு', நோக்கத்துக்கு 'காணவும்', 'பெறவும்' என்ற உம்மைகள். லத்தீனிலும் இந்த இரண்டு உறுப்புகளையும் இணைப்பது இரட்டை உம்மைதான்.

அடுத்த தவறு என்னுடையது. 'செய்ய வேண்டியவை எவை என அவர்கள் காணவும்' என்று எழுதியிருந்தேன். தமிழில் இயல்பாக ஓடுகிறது. தம்பி பென்சிலால் 'சுந்த்' என்பதை வட்டமிட்டார். அது கேள்வியாக இருந்தால், லத்தீன் ஒழுங்குப்படி 'சிந்த்' என்று வினை மாறியிருக்க வேண்டும். 'சுந்த்' என்றிருப்பதால் இது வினா அல்ல, பெயரெச்சத் தொடர்: எவை என்பதை அல்ல, அவற்றையே காணவேண்டும். பிற்கால லத்தீன் இந்த ஒழுங்கைச் சில வேளை மீறும் என்று நான் வாதாடினேன். அவர் அடுத்த உறுப்பைக் காட்டினார். அங்கே 'கண்டவை' நிறைவேற்றப்படுகின்றன. நிறைவேற்றக்கூடியவை காரியங்கள், ஒரு கேள்விக்கான விடையை எவரும் நிறைவேற்றுவதில்லை. எனக்கு மறுமொழி இருக்கவில்லை. 'எவை என' போய், 'செய்ய வேண்டியவற்றை' வந்தது. சின்ன மாற்றம்தான். ஆனால் முன்னதில் மக்கள் என்ன செய்வது என்று தெரியாமல் அறிவுரை கேட்கிறார்கள். பின்னதில் காரியங்கள் ஏற்கெனவே கண்ணெதிரே கிடக்கின்றன, கண்தான் திறக்கவில்லை.

அதே உறுப்பில் இன்னொரு ஜெரண்டிவ் ஒளிந்திருக்கிறது: 'ஆத் இம்ப்ளெந்தா'. பார்வைக்கு 'அஜெந்தா'வின் இரட்டைப் பிள்ளை. அவசரத்தில் இதையும் கடப்பாடாக எடுத்து 'நிறைவேற்ற வேண்டியவற்றை' என்று எழுதிவிடக்கூடும். ஆனால் முன்னால் 'ஆத்' நிற்கும்போது ஜெரண்டிவ் கடப்பாட்டை இழந்து நோக்கத்தை மட்டுமே காட்டும்: நிறைவேற்றுவதற்காக. வேறுபாட்டை அறிய ஒரு வழி, 'இரு' என்னும் வினை கூட நிற்கிறதா, 'ஆத்' நிற்கிறதா என்று பார்ப்பது. இந்த மன்றாட்டில் கடப்பாடு ஒரே ஒரு தடவைதான் சொல்லப்படுகிறது. அதன் பிறகு பேச்சு வலுவைப் பற்றியது. இரண்டாம் தடவையும் 'வேண்டிய' என்று போட்டால், வலுக் கேட்கிற இடத்தில் இன்னொரு சுமை ஏறுகிறது. 'நிறைவேற்ற' என்னும் தமிழ்ச் சொல்லோ இங்கே ஒரு கொடை. லத்தீன் வினையின் அடிப்பொருள் நிரப்புதல். நம்முடையதிலும் நிறை இருக்கிறது.

'கொன்வலெஸ்காந்த்' என்ற கடைசி வினை படிப்படியாக வலுக்கூடுவதைச் சொல்வது. நோயிலிருந்து எழும்புகிறவருக்கும் ஆகும். 'தேறவும்' என்று போட எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. காய்ச்சல் விட்டு உடம்பு தேறுகிறது என்போமே, அது. அக்கா ஒரே வெட்டில் முடித்தார்: "பிள்ளையள் சோதினை பாஸ் பண்ண நேந்து கேக்கிற மாதிரி இருக்குது." விட்டுவிட்டேன். 'வலுப்பெறவும்' என்று வைத்தோம். நிறம் குறைந்த சொல். ஆனால் தவறான நிறம் இல்லை.

இந்த இடத்தில் ஆங்கிலப் பெயர்ப்புகளை ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் கேட்பது அந்த மொழியை. கிரான்மர் 'அஜெந்தா'வை மக்கள் செய்யக் கடமைப்பட்ட காரியங்கள் என்று ஆக்கினார். எழுவாய் உள்ளே வந்துவிட்டது. காண்பதை உணர்வதும் அறிவதுமாக இரட்டித்தார், அருளையும் சேர்த்தார். இரண்டாம் உறுப்பில் 'கண்டவற்றை' என்பதை விட்டு, முன்சொன்னவற்றையே நிறைவேற்றுவதாக எழுதினார். ஓசை அழகானது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் கண்ட அளவுக்குத்தான் வலுக் கேட்கிறோம் என்ற அளவுகோல் அதில் போய்விட்டது. லத்தீனில் மக்கள் எல்லாக் கடமைகளையும் முடிக்கும் சக்தியைக் கேட்கவில்லை. தங்கள் கண்ணுக்குப் பட்டதை முடிக்கும் சக்தியைக் கேட்கிறார்கள்.

1973இல் கத்தோலிக்க ஆங்கிலப் பூசைப் புத்தகம் செய்தது வேறு. சொல்லுக்குச் சொல் அல்ல, கருத்தே போய்ச் சேரவேண்டும் என்ற 1969ஆம் ஆண்டு உரோமை அறிவுறுத்தலின் காலம் அது. 'அஜெந்தா' அங்கே இறைவனின் திருவுளமாகிவிட்டது. அக்காவின் கேள்விக்கு நேரடியான விடை: ஆர் வேண்டினது? கடவுள் வேண்டினது. மக்களைப் பற்றிப் படர்க்கையில் பேசிய மன்றாட்டு 'எங்களுக்கு உதவும்' என்று தன்மைக்கும் மாறியது. கடப்பாடு கரைந்துபோயிற்று. இறையியலில் அது பிழை என்று சொல்ல நான் ஆளல்ல. செய்ய வேண்டியவை இறுதியில் திருவுளமே என்று ஒரு விசுவாசி சொல்லலாம். ஆனால் மன்றாட்டு அதைச் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறது, அந்த நிறுத்தத்தை மொழிபெயர்ப்பாளர் நிரப்பிவிட்டார். திருவுளம் என்று கேட்டதும் நாங்கள் மேலே பார்க்கிறோம். செய்ய வேண்டியவை என்று கேட்டால் சுற்றிலும் பார்க்கிறோம். முன்வரிசையில் தனியாக இருக்கிற கிழவரை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்பதும் அதற்குள் வரும்.

2001இல் வந்த புதிய அறிவுறுத்தல் மூலத்தின் சொல்லமைப்பைக் காக்கச் சொன்னது. அதன் வழியில் வந்த 2011ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில் கடப்பாடும் திரும்பி வந்தது, 'கண்டவை'யும் திரும்பி வந்தது, படர்க்கையும் வந்தது. அந்தப் பதிப்பின் விறைப்பைப் பற்றிப் பலரும் குறைப்பட்டதுண்டு. பல இடங்களில் எனக்கும் அந்தக் குறை உண்டு. இந்த ஒரு மன்றாட்டில் மட்டும், விறைப்பு இல்லாமலே மூலத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பெயர்ப்பு இறுதியில் இப்படி நின்றது:

'ஆண்டவரே, மன்றாடும் மக்களின் விண்ணப்பங்களோடு உமது விண்ணகப் பரிவும் கூட வருவதாக. செய்ய வேண்டியவற்றை அவர்கள் காணவும், கண்டவற்றை நிறைவேற்ற வலுப்பெறவும் அருள்வீராக.'

இதில் குறைகள் உண்டு. ஒற்றை வாக்கியம் இரண்டாகியிருக்கிறது. லத்தீன் ஒழுங்கைத் தமிழ் வினை கடைசியில் வந்து கவிழ்க்கும் என்பதால், ஒரே வாக்கியமாக வைத்தால் காண்பதும் வலுப்பெறுவதும் நடுவில் புதைந்து, விண்ணப்பங்கள் முடிவுக்கு வரும். மன்றாட்டு எங்கே போய்ச் சேர்கிறதோ அந்த இடம் காதில் நிற்காது. பிரித்ததற்கு விலையாக, மூலத்தில் இல்லாத 'அருள்வீராக' சேர்ந்தது. 'உமது' என்பதும் நாங்கள் சேர்த்ததே. அது இல்லாமல் பரிவு அந்தரத்தில் நின்றது. 'நாங்கள்' என்பதைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்காமல் விடுவதற்குத்தான் நான்கு மாலைகளும்.

திங்கட்கிழமை பூசைக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். சுவாமி கையேட்டை எடுத்து, நல்ல நிதானமாக, "நாங்கள் செய்ய வேண்டியவற்றைக் காணவும்" என்று வாசித்தார். அச்சில் இல்லாத 'நாங்கள்' அவர் வாயில் தானாக வந்துவிட்டது. தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். அக்கா தன் பிரதியில் எதையோ பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.